வெண்பாவின் ஈற்றுச்சீர்: நாள், மலர், காசு, பிறப்பு

(விழாவின் இலக்கிய அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. ஒரு வெண்பாவின் கடைசிச் சீர். அளவில் ஓரிரண்டு எழுத்து, மிஞ்சினால் நான்கெழுத்து. இதற்கு ஓர் உரையா என்று நீங்கள் எண்ணக்கூடும். ஆயினும் இந்த உரை நான் ஒரு பெண்பிள்ளைக்குச் செலுத்த வேண்டிய கடன். அதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

மூன்றாண்டுகளுக்கு முன் நம் உறவினர் குடும்பம் ஒன்றில் பெரியவர் ஒருவர் மறைந்தார். தம் வீட்டுத் திண்ணையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை அமர்த்தி, நாலடியாரும் நிகண்டும் சொல்லித் தந்தவர். அவர் நினைவாக ஊரில் ஒரு படிப்பறை கட்டினார்கள். வாயிற்சுவரில் கருங்கல் பலகை ஒன்றைப் பதித்து அதில் ஒரு குறள்வெண்பாவைப் பொறிப்பது என்று முடிவாயிற்று. பெரியவரின் பேத்தி, அப்போது பதினாறு வயது, தானே எழுதித் தந்தாள். பிழை பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அவள் எழுதியது இது:

ஏடெடுத்துப் பாடம் எமக்குரைத்த தாத்தாவை
நாடுமே நாளும் நெஞ்சம்

எதுகை இருக்கிறது, மோனை இருக்கிறது, பொருளும் நேராக நெஞ்சைத் தொடுகிறது. ஆனால் ஈற்றுச்சீர் பிழை. நான் 'நெஞ்சம்' என்ற சொல்லின்கீழ்ச் சிவப்பு மையால் கோடிட்டு, 'ஈறு நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாட்டில் முடிய வேண்டும்' என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். அந்தப் பிள்ளை என்னிடம் வந்து கேட்டாள்: "மாமா, சொல்ல வேண்டியது முழுக்கச் சொல்லியாகிவிட்டது. பொருள் முடிந்துவிட்டது. பிறகு கடைசிச் சொல் எந்த அளவில் இருந்தால் என்ன? ஏன் அந்த நான்கு மட்டும்?" நான், "இலக்கணம் அப்படி" என்றேன். அவள் ஒன்றும் பேசாமல் தாளை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். கல்தச்சர் காத்திருந்தார். இறுதியில் பெயரும் தேதியும் மட்டும் உரைநடையில் பொறிக்கப்பட்டன. அவற்றின் கீழ் அரை முழ இடம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.

அவள் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குரிய விடையை இன்று சொல்ல முயல்கிறேன்.

முதலில், பலருக்கும் உள்ள ஒரு மயக்கத்தை நீக்கிவிடுகிறேன். நாள், மலர், காசு, பிறப்பு என்னும் சொற்களாலேயே வெண்பா முடிய வேண்டும் என்பது பொருளன்று. அவை வாய்பாடுகள், அளவுகோல்கள். துணி அளக்கும் கோலை யாரும் துணியோடு சேர்த்துத் தைப்பதில்லை. 'நாள்' போல் ஒலிக்கும் எந்தச் சொல்லும், சொல்லின் துண்டும்கூட, அங்கே நிற்கலாம். 'தேன்', 'கண்', 'யாம்', 'போ' ஆகியவை எல்லாம் நாள். 'மனம்', 'தலை', 'இல', 'நிலா' ஆகியவை மலர். 'மாட்டு', 'நெஞ்சு', 'வண்டு' ஆகியவை காசு. 'உலகு', 'அரிது', 'சிறப்பு' ஆகியவை பிறப்பு.

இவற்றின் அளவு என்ன? யாப்பில் ஒலியின் சிறு கட்டுக்கு அசை என்று பெயர். ஓர் எழுத்து தனித்தோ ஒற்றோடு சேர்ந்தோ நின்றால் நேரசை. முன்னது குறிலாக இரண்டு எழுத்துகள் இணைந்து ஒரே மூச்சில் வந்தால் நிரையசை. நாள் என்பது நேர். மலர் என்பது நிரை. அசைகள் சேர்ந்தது சீர். வெண்பாவின் உள்ளே வரும் சீர்கள் இரண்டு அசை உடையவை அல்லது மூன்று அசை உடையவை. ஈரசைச்சீர் நேரில் முடிந்தால் அதை மா என்கிறோம். நிரையில் முடிந்தால் விளம். மூவசைச்சீர் வெண்பாவில் நேரில்தான் முடியும். அதற்குக் காய் என்று பெயர். இவ்வளவு தெரிந்தால் போதும், மேலே போகலாம்.

வெண்பாவின் உயிர் அதன் தளையில் இருக்கிறது. தளை என்றால் கட்டு. ஒரு சீர் முடியும் விதம், அடுத்த சீர் தொடங்கும் விதத்தை ஆணையிடுகிறது. மாவில் முடிந்தால் அடுத்தது நிரையில் தொடங்க வேண்டும். விளத்தில் முடிந்தால் நேரில் தொடங்க வேண்டும். காயில் முடிந்தாலும் நேர்தான். அகவலில் வேறு தளைகளும் கலந்து வரலாம். வெண்பாவில் ஓரிடத்திலும் இது தவறக்கூடாது. அடி முடிந்து அடுத்த அடி தொடங்கும் இடத்திலும் கட்டு அவிழ்வதில்லை.

அந்தப் பிள்ளையின் பாட்டையே அசை பிரித்துப் பார்ப்போம். ஏ-டெடுத்-துப்: நேர், நிரை, நேர், காய். ஆகவே அடுத்தது நேரில் தொடங்க வேண்டும். பா-டம்: நேரில் தொடங்கி நேரில் முடிகிறது; மா. இனி நிரை வேண்டும். எமக்-குரைத்-த: நிரையில் தொடங்கிற்று, காய். இனி நேர். தாத்-தா-வை: நேரில் தொடங்கிக் காயாக முடிகிறது. அடி முடிந்தது, கட்டு முடியவில்லை. இரண்டாம் அடி நேரில் தொடங்க வேண்டும். நா-டுமே: சரி, இது விளம். இனி நேர். நா-ளும்: சரி, இது மா. இனி நிரை வேண்டும். வந்ததோ நெஞ்-சம்: நேர். கட்டு அங்கே அறுந்துவிட்டது.

ஆறு சீர்களைப் பிழையின்றிக் கட்டிய பிள்ளை ஏழாவதில் தவறினாள். இதை அன்றே நான் எடுத்துக் காட்டியிருந்தால், அவள் தளர்ந்திருக்க மாட்டாள்.

ஆனால் இது அவள் கேள்விக்குப் பாதி விடைதான். தளைதான் குறை என்றால், நிரையில் தொடங்கும் வேறொரு சொல்லை இட்டுவிடலாமே? 'நாடுமே நாளும் மனமே' என்று வைத்துப் பாருங்கள். மன-மே: நிரை, நேர். மாவுக்குப் பின் நிரை வந்துவிட்டது, தளை சரி. ஆயினும் வெண்பா முடியவில்லை. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'மனமே' என்றவுடன் காது இன்னும் எதையோ எதிர்பார்க்கிறது. ஏன்? 'மனமே' தானே ஒரு முழுச்சீர், அதுவும் மா. மா என்றால் அடுத்து நிரை வர வேண்டும் என்று ஆணையிடும் சீர். ஆறு முறை அந்த ஆணையைக் கேட்டுப் பழகிய காது, ஏழாம் முறையும் கேட்டுவிட்டு, வராத ஒன்றுக்காகக் காத்திருக்கிறது. நான்கு சீர் கொண்ட அடிகளுக்குப் பழகிய காது என்பதால், மூன்றாம் சீர் முழுமையாக நின்றால் நான்காம் சீரும் உண்டு என்றே அது எண்ணும்.

இங்கேதான் ஓரசைச்சீரின் வேலை தெரிகிறது. 'மனம்' என்று முடியுங்கள். முந்தைய மா கேட்ட நிரை கிடைத்துவிட்டது. ஆனால் 'மனம்' தான் எதையும் கேட்கவில்லை. அதில் முதல் அசையும் கடைசி அசையும் ஒன்றே. கேட்டதைக் கொடுத்துவிட்டு, மேலும் கேட்பதற்கு அதனிடம் இன்னோர் அசை இல்லை. கடன் தீர்ந்தது, புதுக்கடன் எழவில்லை. வெண்பாவின் ஈற்றுச்சீர் ஓரசையாகச் சுருங்குவதற்கு நான் கண்ட காரணம் இதுதான். இலக்கண நூல்கள் இவ்வாறு காரணம் விரிப்பதில்லை. அவை விதியை மட்டும் சொல்லும். சொல்லிச் சொல்லிப் பார்த்ததில் என் காது சொன்ன காரணம் இது.

அகவற்பா வேறு வழியில் முடிகிறது. அது தன் கடைசி அடியில் நான்கு சீரையும் முழுமையாக வைத்துக்கொண்டு, பெரும்பாலும் ஏகாரத்தை இழுத்து முடிவைக் காட்டும். அங்கே முடிவின் அடையாளம் ஓர் எழுத்து. வெண்பாவில் அடையாளம் அளவு. அதனால்தான் வெண்பாவுக்கு எந்த எழுத்தில் முடிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இதுவரை நாளும் மலரும் விளங்கின. காசும் பிறப்பும் என்ன? இங்கே அந்தப் பிள்ளை அன்று கேளாத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது. காசு என்பதை அசை பிரித்தால் கா-சு: நேர், நேர். அதுவும் மா அல்லவா? பிறப்பு என்பது பிறப்-பு: நிரை, நேர். அதுவும் மா. 'நெஞ்சம்' ஆகாது, 'மனமே' ஆகாது என்றால், அதே வடிவுடைய காசும் பிறப்பும் மட்டும் எப்படி ஆகும்?

யாப்பருங்கலக் காரிகையை இயற்றிய அமிதசாகரர் நம் சமண முனிவர். பிண்டி நிழலில் எழுந்தருளிய அருகனை வணங்கியே அந்நூலைத் தொடங்குகிறார். உரை வகுத்த குணசாகரரும் நம்மவரே. அமிதசாகரர் வெண்பாவின் முடிவைக் கூறும்போது நான்கையும் ஒரே பெயரால் அழைக்கவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். ஓரசைச்சீர் என்று ஒன்றைச் சொல்லி, பிறப்பு என்றும் காசு என்றும் தனித்தனியே மேலும் இரண்டைச் சொல்கிறார். நாளும் மலரும் ஓரசைச்சீர் என்ற சொல்லில் அடங்கிவிட்டன. மற்ற இரண்டும் அதில் அடங்கவில்லை. அவர் வகுத்த முறையில் அசை இரண்டே: நேர், நிரை. அந்தக் கணக்கின்படி காசும் பிறப்பும் ஈரசை. அப்படியிருந்தும் வழக்கில் வெண்பாக்கள் அவற்றால் முடிகின்றன. வழக்கை மறுக்க முடியாத ஆசிரியர், அவற்றுக்குத் தனி வாய்பாடு தந்து தனியே நிறுத்தினார்.

அந்த வழக்கு எங்கிருந்து வந்தது என்பதற்குத் தொல்காப்பியச் செய்யுளியலைப் பார்க்க வேண்டும். தொல்காப்பியர் காலத்தில் அசை இரண்டல்ல, நான்கு. நேர், நிரை ஆகியவற்றோடு நேர்பு, நிரைபு என இரண்டு. நேரசையின் பின்னே ஓர் உகரம் ஒட்டிக்கொண்டால் நேர்பு. நிரையசையின் பின்னே ஒட்டிக்கொண்டால் நிரைபு. அந்த உகரத்தை அவர் தனி அசையாக எண்ணவில்லை. முன்னசையின் வாலாகவே எண்ணினார். நேர்பு என்பதே பிற்காலத்துக் காசு. நிரைபு என்பதே பிறப்பு. ஆகவே அவர் கணக்கில் நாள், மலர், காசு, பிறப்பு நான்கும் ஓரசையே. அவர் வெண்பாவின் இறுதியைப் பற்றிச் சொல்வதும் இதற்கு ஒத்திருக்கிறது: முன்சீர் நேரில் முடியும் இயற்சீரானால் நிரையோ நிரைபோ வந்து முடிக்கும், முன்சீர் நிரையில் முடிந்தால் நேரோ நேர்போ வந்து முடிக்கும். விதி ஒன்றே, புறனடை எதுவும் தேவைப்படவில்லை.

பின்னர் நேர்பும் நிரைபும் யாப்பிலிருந்து கழிந்தன. பாட்டின் இடையில் அவற்றை ஈரசையாகப் பிரித்து மாச்சீர் என்று கொண்டால் எல்லாம் ஒழுங்காக நடந்ததால், தனி அசைகள் வேண்டியிராமல் போயின. வெண்பாவின் கடைசி இடம் மட்டும் மாறவில்லை. பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போது எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, முன்வாசல் நிலையை மட்டும் அப்படியே விடுவார்கள் அல்லவா, அப்படி. இன்று ஒருவர் 'மாட்டு' என்று வெண்பாவை முடிக்கும்போது, மற்றெல்லா இடத்திலும் மறைந்துபோன ஓர் அசை அங்கே மட்டும் ஒலிக்கிறது.

ஒட்டிக்கொள்ளும் அந்த உகரத்தின் தன்மையை அறிந்தால், இது வெறும் பழமைப் பற்றன்று என்பது விளங்கும். சொல்லின் இறுதியில் கு, சு, டு, து, பு, று என்னும் ஆறில் ஒன்று நின்று, அதற்கு முன் தனிக்குறில் மட்டும் இல்லாவிட்டால், அதன் உகரம் குறுகிவிடும். ஒரு மாத்திரை ஒலிக்க வேண்டியது அரை மாத்திரையே ஒலிக்கும். அதுவே குற்றியலுகரம். அரை மாத்திரை என்பது ஒரு மெய்யெழுத்தின் அளவு. இப்போது எண்ணிப் பாருங்கள். நாள்: நெடில் 2, ஒற்று அரை, மொத்தம் 2½. மலர்: 1, 1, அரை, மொத்தம் 2½. காசு: நெடில் 2, குறுகிய உகரம் அரை, மொத்தம் 2½. முதல் மூன்றும் ஒரே அளவு. காசின் சு, நாளின் ள் அளவே ஒலிக்கிறது. பிறப்பு மட்டும் 3. இடையில் ஓர் ஒற்று கூடுதலாக இருப்பதால்.

ஆனால் மாத்திரைக் கணக்கே எல்லாவற்றையும் விளக்கிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பிள்ளையின் 'நெஞ்சம்' என்ற சொல்லை எண்ணினால் 1, அரை, 1, அரை, மொத்தம் 3. பிறப்பும் 3. அளவு ஒன்றே, ஒன்று முடிக்கிறது, மற்றொன்று முடிக்கவில்லை. வேறுபாடு அளவில் இல்லை. அந்த அளவு எங்கே நிற்கிறது என்பதில் இருக்கிறது. 'நெஞ்சம்' என்பதில் 'சம்' ஒரு முழு அசை. நாக்கு மறுபடியும் ஊன்றி எழுகிறது. 'பிறப்பு' என்பதில் 'பிறப்' என்றதோடு ஊன்றல் முடிந்துவிடுகிறது. 'பு' வெளியேறும் மூச்சு. இதையே 'நெஞ்சு' என்று சொல்லிப் பாருங்கள். 'நெஞ்' என்று ஊன்றி, 'சு' என்று விட்டுவிடுகிறோம். ஓர் எழுத்தை நீக்கியதும் சொல் காசு ஆகிவிட்டது.

இனி இதை ஓர் எடுத்துக்காட்டால் சோதிப்போம். நம் இல்லங்களில் பிள்ளைகளுக்கு முதலில் மனப்பாடமாகும் திருக்குறளின் முதல் அதிகாரம், கடவுள் வாழ்த்து. பத்துக் குறளின் ஈற்றுச்சீரை மட்டும் எடுத்துப் பாருங்கள். முதற்குறள் 'உலகு' என்று முடிகிறது, பிறப்பு. இரண்டாவது 'எனின்', மலர். மூன்றாவது 'வார்', நாள். நான்காவது 'இல', மலர். ஐந்தாவது 'மாட்டு', காசு. ஆறாவது மறுபடியும் 'வார்', நாள். ஏழும் எட்டும் 'அரிது', பிறப்பு. ஒன்பதாவது 'தலை', மலர். பத்தாவது 'தார்', நாள். ஒரே அதிகாரத்தில் நான்கு வாய்பாடும் வந்துவிட்டன: நாள் மூன்று, மலர் மூன்று, பிறப்பு மூன்று, காசு ஒன்று.

வீட்டிற்குப் போனதும் குறளைத் திறந்து, இந்தப் பத்துச் சீருக்கும் முன்னுள்ள சீரைப் பாருங்கள். மலரும் பிறப்பும் வந்த ஆறு இடங்களிலும் முன்சீர் மாவாகவே இருக்கும். நாளும் காசும் வந்த நான்கு இடங்களில் இரண்டில் விளம் இருக்கும். இரண்டில் காய் இருக்கும். நான்கு வாய்பாடுகளில் எதை வேண்டுமானாலும் இட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பது பிழை. முன்சீர் மா என்றால் மலர், பிறப்பு என்னும் இரண்டில் ஒன்று. விளமோ காயோ என்றால் நாள், காசு என்னும் இரண்டில் ஒன்று. புலவனுக்கு விடப்பட்ட தெரிவு எப்போதும் இரண்டே.

மேலே நான் 'வார்', 'தார்' என்று சொன்னபோது சிலர் புருவம் உயர்த்தியதைக் கண்டேன். அவை முழுச்சொற்கள் அல்ல. 'நீடுவாழ்வார்' என்பது யாப்பில் 'நீடுவாழ்' என்றும் 'வார்' என்றும் பிரிந்து நிற்கிறது. பொருள் நோக்கிச் சேர்த்துச் சொல்வதைச் சீர் நோக்கிப் பிரிப்பதற்கு வகையுளி என்று பெயர். எளிதாகப் படிக்கட்டும் என்று சந்தி பிரித்து அச்சிடும் பதிப்புகளில் 'நீடு வாழ்வார்' என்று போட்டுவிடுகிறார்கள். அதைப் பார்த்து அசை பிரிக்கும் மாணவன், 'வாழ்வார்' நேர் நேர், மா. வள்ளுவரே விதியை மீறிவிட்டார் என்று எண்ணிவிடுகிறான். இப்படி என்னிடம் வாதிட்டவர்கள் உண்டு. ஈற்றுச்சீர் பிழைபோல் தோன்றினால், முதலில் அச்சைச் சந்தேகியுங்கள். புலவரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு பிழை உகரத்தில் நேர்வது. காசு என்பதைப் பார்த்துவிட்டு, 'பசு' என்பதும் அதுபோலத்தானே என்று எண்ணி, காய்ச்சீரின் பின் 'பசு' என்று முடிப்பார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கின்றன. ஆனால் 'பசு'வில் உகரத்துக்கு முன் நிற்பது தனிக்குறில். ஆகவே உகரம் குறுகாது. 'ப'வும் 'சு'வும் இணைந்து ஒரே நிரையசையாகிவிடும். அது காசு அன்று, மலர். மாவின் பின் வந்தால் நன்றாக முடியும். காயின் பின் வந்தால் தளை அறும். தொல்காப்பியரும் இத்தகைய குறிலிணை உகரத்தை விலக்கியே நேர்பைச் சொல்கிறார்.

'அறிவு' என்று முடியும் குறள்கள் உண்டே, வு வல்லினம் அல்லவே, அது குற்றியலுகரம் ஆகாதே என்று கேட்பீர்களானால், கேள்வி சரியானது. அது முற்றியலுகரந்தான். தொல்காப்பியர் நேர்பு, நிரைபு இரண்டிற்கும் இருவகை உகரத்தையும் ஏற்றுக்கொண்டவர். ஆகவே அவர் முறையில் 'அறிவு' நிரைபுதான். பிற்கால உரையாசிரியர்கள் குற்றியலுகர ஈற்றையே பெரும்பான்மையாகக் கொண்டு, முற்றியலுகர ஈறு சிறுபான்மையாக வரும் என்று இடம் தந்தார்கள். புதிதாக எழுதுபவர்கள் குற்றியலுகரத்தோடு நிற்பது நல்லது. 'அறிவு' போன்ற சொல் தானாக வந்து பொருந்தினால் அதைத் தள்ளவும் வேண்டாம்.

இடையில் ஒரு சிறு செய்தி. நாலடியார், பழமொழி நானூறு, சிறுபஞ்சமூலம், ஏலாதி, அறநெறிச்சாரம் என நம் முன்னோர் அறம் உரைத்த நூல்கள் பலவும் வெண்பாவாலானவை. அவை ஏட்டில் அடி பிரிக்காமல், புள்ளியிடாமல், இடைவெளி விடாமல் தொடர்ந்து எழுதப்பட்டன. படிப்பவருக்குச் செய்யுள் முடிந்த இடத்தைக் காட்டக் காதுதான் துணை. சுருங்கிய சீர் வந்தவுடன் குரல் தானே நின்றிருக்கும் என்று எண்ணுகிறேன். அந்தப் பெரியவர் திண்ணையில் நாலடியார் சொல்லும்போது ஈற்றுச்சீரில் விரலால் தரையைத் தட்டுவார் என்று அவர் மாணவர்கள் சொல்வார்கள்.

இனி அந்தப் பிள்ளையின் பாட்டுக்கே திரும்புகிறேன். சென்ற மாதம் அவளுக்கு ஒரு கடிதம் எழுதினேன். இங்கே சொன்னதையெல்லாம் சுருக்கி எழுதி, மன்னிப்பும் கேட்டேன். முதல் அடியைத் தொடவே வேண்டாம் என்றேன். 'தாத்தா' என்பதைப் 'பாட்டன்' என்று ஆக்கச் சொல்லிச் சிலர் முன்பு வற்புறுத்தினார்களாம்; அதுவும் வேண்டாம், நீ அழைத்த பெயரே இருக்கட்டும் என்றேன். பத்து நாளில் விடை வந்தது. இரண்டாம் அடியை நான்கு வாய்பாட்டிலும் எழுதியிருந்தாள்.

நாடுமே நாளும் மனம்
நாடுமே நாளும் மனது
நாடுமே எந்நாளும் நெஞ்சு
நாடுவோம் எந்நாளும் யாம்

முதல் இரண்டில் 'நாளும்' மா. அதன்பின் மலரும் பிறப்பும். அடுத்த இரண்டில் 'நாளும்' என்பதை 'எந்நாளும்' என்று ஆக்கிக் காய்ச்சீராக்கிக் கொண்டாள். அதன்பின் காசும் நாளும் வழி பெற்றன. 'எந்நாளும்' என்பது நேரில் தொடங்குவதால் முன்னுள்ள விளத்தோடும் தளை கெடவில்லை. தாளின் ஓரத்தில் 'நாடுவோம் நாளும் யாம்' என்று எழுதி அடித்திருந்தாள். பக்கத்தில் 'யாம் நாள்தான், ஆனால் மாவுக்குப் பின் நேர்' என்று குறிப்பு. யாரும் சொல்லித்தராமல் அதைக் கண்டுபிடித்திருக்கிறாள். கடைசி அடியில் முதலில் 'நாம்' என்று எழுதியதும் தெரிந்தது. மேலே 'எமக்கு' என்று இருப்பதால், கேட்பவரை உள்ளடக்கும் 'நாம்' பொருந்தாது. 'யாம்' தான் இயையும் என்று திருத்தியிருக்கிறாள்.

நான்கும் இலக்கணப்படி சரி. ஆனால் நான்கும் ஒரே ஒலியில் முடியவில்லை. 'மனம்' மெல்ல மூடுகிறது. 'மனது' பேச்சு வழக்கின் நெருக்கத்தோடு சற்றுத் தேய்ந்து மறைகிறது. 'நெஞ்சு' என்பதில் அரை மாத்திரை காற்றில் நிற்கிறது. எனக்கு அதுவே பிடித்தது, எழுதியும் அனுப்பினேன். அவள் ஒப்பவில்லை. "மாமா, தாத்தாவை நாடுவது நெஞ்சு என்று ஒன்று தனியாக இல்லை. திண்ணையில் உட்கார்ந்து படித்த நாங்கள்தான் நாடுகிறோம்" என்று பதில் எழுதினாள். குடும்பத்தாரும் அதையே ஏற்றார்கள். ஆகவே கல்லில் ஏறப்போவது இதுதான்:

ஏடெடுத்துப் பாடம் எமக்குரைத்த தாத்தாவை
நாடுவோம் எந்நாளும் யாம்

கல்தச்சரிடம் தாள் போய்விட்டது. பெயருக்கும் தேதிக்கும் கீழே விட்ட அரை முழ இடம் இரண்டு அடிக்கும் போதும் என்று அவர் அளந்து சொல்லியிருக்கிறார்.